அட்டையின் பின்பக்கம்

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேயிலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அப்பா தொழிற்சாலையில் வாட்டல் பகுதியில் வேலை செய்தவர். வீட்டுக்குள் அவர் நுழையும்போதே அன்றைய கொழுந்தின் மணம் கூடவே வரும். அந்தத் தைரியத்தில்தான் டிப்ளோமா முடித்தவுடன் ரிங்லெட் பக்கம் இருந்த ஒரு சிறிய தேயிலைப் பொட்டல நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். தேயிலை தெரிந்தால் தேயிலை விற்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் கண்காட்சியிலேயே அந்த நினைப்பு உடைந்தது.

கோலாலம்பூரில் டூத்தாமாஸ் சாலையில் உள்ள மைடெக் அரங்கில் உணவுப் பொருள் கண்காட்சி. அந்த அரங்கை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மெட்ரேட் நிறுவனம் 2004 முதல் நடத்திவரும் மிஹாஸ் ஹலால் கண்காட்சியும் இப்போது அங்கேதான் நடக்கிறது. நாங்கள் போனது அதைவிடச் சிறியது. எங்களுக்கு மூன்று மீட்டர் நீள அகலத்தில் ஒரு கூடம், ஒரு மேசை, ஒரு கொதிகலன், இரண்டு பேர். மூன்று நாளில் 63 பெயர் அட்டைகள் சேர்ந்தன. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, வெற்றி வாகை சூடியவனைப் போல மலை ஏறினேன்.

திங்கட்கிழமை உட்கார்ந்து 63 பேருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் கூடத்துக்கு வருகை தந்ததற்கு நன்றி, தங்களுடன் வணிக உறவை வளர்க்க ஆவலாக உள்ளோம், எங்கள் பொருள் பட்டியலை இணைத்துள்ளோம், மேல்விவரங்களுக்குத் தயங்காமல் தொடர்பு கொள்ளவும். பட்டியல் 14 பக்கம். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, விடுமுறையில் இருப்பதாகச் சொல்லும் தானியங்கிப் பதில். மற்றொன்று, தன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது.

இரண்டாவது பதில் சரியான கோரிக்கைதான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விளம்பரத்துக்காகத் தன் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்தில் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். ஒருவர் அட்டையைக் கொடுப்பது, தான் கேட்ட விஷயத்துக்குப் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பில். நான் அவர் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அவர் என்ன கேட்டார் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

எங்கள் நிறுவனத்தில் ஒரு பெரியவர் பகுதி நேரமாகக் கணக்குப் பார்த்துவந்தார். முப்பது வருடம் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் கிராணி ஐயா என்றே கூப்பிடுவோம். அட்டைக் கட்டை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 63 அட்டையும் வெள்ளையாக இருந்தன.

"தம்பி, கொழுந்து நிறுக்கும்போது கங்காணி என்ன செய்வார்?" என்றார்.

"தராசுப் பக்கத்திலேயே எடையை எழுதிக்குவார்."

"சாயந்திரம் வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்தி எழுதினா என்ன ஆகும்?"

தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் இருக்காது. ஒருத்தர் பறித்த கொழுந்து இன்னொருத்தர் பெயரில் ஏறிவிடும். சம்பள நாளில் சண்டை வரும்.

அடுத்த கண்காட்சிக்கு அவர் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். வந்தவர் முதுகைத் திருப்பியவுடன், அடுத்தவரைப் பார்ப்பதற்கு முன், அட்டையின் பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும். அவர் வாயால் சொன்ன ஒரு வாக்கியம், அவர் சொன்னபடியே. நாம் அவருக்கு என்ன செய்வதாகச் சொன்னோம். பேசிய நாளும் நேரமும். பக்கத்தில் பேசியவரின் முதலெழுத்து. கூடத்தில் இரண்டு பேர் நிற்பதால் இது அவசியம். என்னிடம் பேசாதவருக்கு நான் எழுதினால் அது உடனே தெரிந்துவிடும்.

அது தெரிந்துவிடும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாவது கண்காட்சியின் கடைசி நாள் மாலை கூட்டம் நெருக்கியது. நான்கு அட்டைகளை எழுதாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்தில் ஏறிய பிறகு எழுதினேன். அதில் ஒருவருக்கு, "எலுமிச்சைப் புல் கலந்த தேயிலை பற்றிக் கேட்டீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். "நான் கேட்கவில்லை. நான் பிஸ்கட் விற்பவன்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு எதை எழுதினாலும் எடுபடாது. உரையாடலைத் தவறாக நினைவுகூர்வது, நினைவுகூராமல் இருப்பதைவிட மோசம். எழுதாத அட்டை என்றால் பேசியது நினைவில்லை என்று ஒப்புக்கொண்டு கேட்டுவிடுவதே நல்லது.

அந்த முறை 48 அட்டைகள். மலைக்குத் திரும்பிய அன்றிரவே கிராணி ஐயா வீட்டுத் திண்ணையில் பிரித்தோம். பின்பக்கத்தில் ஒரு தேவை தெளிவாக எழுதப்பட்டிருந்தவை 9. இப்போது இல்லை, ஆனால் பின்னால் பார்க்கலாம் என்றவை 15. மீதியெல்லாம் இலவசமாகத் தேநீர் குடித்துவிட்டு மரியாதைக்கு அட்டை கொடுத்துப் போனவர்கள். அவர்களையும் வாடிக்கையாளராக எண்ணித்தான் முதல் முறை 63 என்று பூரித்திருந்தேன்.

ஒன்பதில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். ஈப்போவில் மூன்று உணவுக் கடை வைத்திருக்கும் ஒருவர். சனிக்கிழமை காலை வந்தார். நாங்கள் கொடுத்த தேநீரைக் குடித்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார், பிறகு தலையை ஆட்டினார். அட்டையின் பின்னால் இருந்தது இதுதான்: "மணம் இருக்கு, பால் ஊத்தினா தே காணாமப் போயிடுது. விலை கேட்டார். சனி 11.20."

இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தேயிலை தெரிய வேண்டும். கேமரன் மலையில் தேயிலை பயிரிடும் தொழில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. இலங்கையில் அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவர் அவருக்குத் துணை. மலை உயரமும் குளிரும் செடியை மெதுவாக வளரவைக்கின்றன. அதனால் மணம் கூடுகிறது. ஆனால் டின் பாலும் சீனியும் சேர்த்து ஆற்றும் தே தாரேக்குக்கு மணத்தைவிடச் சாயமும் காரமும் முக்கியம். நாங்கள் கண்காட்சியில் கொடுத்தது பெரிய இலை ரகம். சுவைப்பவர்களின் அனைத்துலக முறைப்படி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் ஊறவைத்து, பால் இல்லாமல் கொடுத்தோம். தேயிலையை எடைபோட அது நல்ல முறை. ஈப்போக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் கடையில் பெரிய குவளையில் துணி வடிகட்டியைத் தொங்கவிட்டு, ஒரே தூளில் திரும்பத் திரும்பக் கொதிநீர் ஊற்றிச் சாயம் இறக்குவார்கள். அதற்குப் பொடித்தூள்தான் வேண்டும். அது எங்களிடம் இருந்தது, மேசைமேல்தான் இல்லை.

ஆக, அவர் எங்கள் தேயிலையை மறுக்கவில்லை. நாங்கள் தவறான தேயிலையைக் கொடுத்திருந்தோம் என்பதைத்தான் சொன்னார். பின்பக்கத்தில் அவர் வாக்கியத்துக்குப் பதிலாக "ஆர்வம் குறைவு" என்று நான் எழுதியிருந்தால் அந்த அட்டை மூன்றாவது குவியலுக்குப் போயிருக்கும்.

முதலில் நான் எழுதிய செய்தியில் மூன்று யோசனைகள் வைத்தேன். மாதிரி அனுப்பட்டுமா, அல்லது தோட்டத்துக்கு வந்து பார்க்கிறீர்களா, அல்லது விலைப்பட்டியல் வேண்டுமா. வாடிக்கையாளருக்கு வசதி செய்து கொடுப்பதாக எண்ணம். கிராணி ஐயா இரண்டை அடித்துவிட்டார். "மூணு வழியைக் காட்டினா அந்த மனுஷன் நின்னு யோசிக்கணும். கடைக்காரனுக்கு நின்னு யோசிக்க நேரம் ஏது? அப்புறம் பார்க்கலாம்னு வச்சிடுவான்" என்றார். மிஞ்சிய ஒன்றையும் விடவில்லை. "மாதிரி அனுப்பட்டுமான்னா என்ன அர்த்தம்? எவ்வளவு? எப்போ? யார் கொண்டு போறா? அவர் என்ன செய்யணும்?" ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத எழுதச் செய்தி மாறியது. கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம் ஐயா. சனிக்கிழமை காலை மைடெக்கில் பேசினோம், கேமரன் மலைத் தேயிலைக் கூடத்தில் இருந்தவன். மணம் இருக்கு, பால் ஊத்தினா தே காணாமப் போயிடுது என்று சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரி. அன்று கொடுத்தது பெரிய இலை, பாலுக்கு ஏற்றதல்ல. பாலுக்கென்று எங்களிடம் பொடித்தூள் உண்டு. நீங்கள் கேட்ட விலை: கிலோ 21 ரிங்கிட். வரும் புதன்கிழமை எங்கள் லோரி ஈப்போவுக்கு வருகிறது. மாலை 3 மணிக்கு ஒரு கிலோ கொண்டுவருகிறேன், காசு வேண்டாம். உங்கள் தண்ணி கலக்குபவரே உங்கள் குவளையில் போட்டுப் பார்க்கட்டும். சரி என்றால் எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள்."

திங்கட்கிழமை மாலை 3 மணிக்கு அனுப்பினேன். உணவுக் கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலைத் தேநீர்க் கூட்டம் வருமுன் கிடைக்கும் ஒரு மணி நேரம் அது. காலை எட்டரைக்கு அனுப்பியிருந்தால் ரொட்டி சானாய் கூட்டத்தில் அமிழ்ந்திருக்கும். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு தெருப் பெயர் மட்டும், வேறு ஒன்றும் இல்லை.

செய்தியை இன்னொரு முறை பாருங்கள். அவர் கேட்ட விலையை நான் மறைக்கவில்லை. நேரில் சொல்கிறேன் என்று இழுப்பது சாமர்த்தியம் என்று சிலர் சொல்லித்தருவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் மற்றதையும் அவர் படிக்கமாட்டார். அடுத்து, வாங்குங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஒரு கிலோ தூளுக்கு வாசல் திறந்தால் போதும். அவருக்குச் செலவு இல்லை, எழுத வேண்டியது ஒரு தெருப் பெயர். புதன்கிழமையை நான் கற்பனையாகச் சொல்லவும் இல்லை. லோரி உண்மையிலேயே வாராவாரம் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி ஈப்போ போகும். பொய்யாக ஒரு நாளைக் குறித்து அவசரம் காட்டினால், அடுத்த வாரமும் அதே லோரி வரும்போது வெளுத்துவிடும்.

புதன்கிழமை கடைக்குப் போனேன். உரிமையாளர் கல்லாவில் இருந்தார். தண்ணி கலக்கும் அண்ணன்தான் உண்மையான நீதிபதி. முதல் இறக்கத்தில் சாயம் நன்றாக வந்தது. டின் பால் சேர்த்ததும் செங்கல் நிறம் நின்றது. சாம்பல் நிறமாகப் போயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். மூன்றாவது இறக்கத்தில் கொஞ்சம் வெளுத்தது. "பரவால்ல, எங்க தூளும் இப்படித்தான் வெளுக்கும்" என்றார்.

அங்கிருந்து கிளம்புமுன் மறுபடியும் ஒரே ஒரு அடுத்த படியைக் கேட்டேன். இந்த ஒரு கிலோ எத்தனை குவளைக்கு வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணித் தர முடியுமா, வெள்ளிக்கிழமை 3 மணிக்கு அழைக்கிறேன். ஆர்டர் பற்றிப் பேச்சில்லை. ஏன் எண்ணச் சொன்னேன் என்றால், அவர் வாங்கும் தூள் கிலோ 16 ரிங்கிட், எங்களுடையது 21. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் நாங்கள் தோற்போம். ஆனால் கடைக்காரர் கிலோவை விற்பதில்லை, குவளையை விற்கிறார்.

வெள்ளிக்கிழமை கணக்கு வந்தது. எங்கள் தூள் இரண்டு நாளில் 260 குவளை. அவருடைய பழைய தூள் கிலோவுக்கு 220 குவளை என்பது அவரே நெடுநாளாகப் போட்டு வைத்திருந்த கணக்கு. 16 ரிங்கிட்டை 220ஆல் வகுத்தால் குவளைக்கு 7.3 காசு. 21ஐ 260ஆல் வகுத்தால் 8.1 காசு. எங்கள் தூள் இன்னும் விலை அதிகம்தான். 300 குவளை வரும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். வந்திருந்தால் 7 காசில் முடிந்திருக்கும். வரவில்லை. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஒரு நாளைக்கு 130 குவளை விற்கும் அந்தக் கடையில், எங்கள் தூளுக்கு மாறினால் தினம் ஏறக்குறைய ஒரு ரிங்கிட் கூடுதல் செலவு. அந்த ஒரு ரிங்கிட்டுக்கு வாடிக்கையாளர் மணத்தை உணர்கிறாரா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் சிரித்துவிட்டு, "ரெண்டு பேர் இன்னிக்குத் தூளை மாத்தினீங்களான்னு கேட்டாங்க" என்றார். அந்த ஒரு கடைக்கு மட்டும் மாதம் 15 கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தினம் அரைக் கிலோ கணக்கு.

ஒன்பது அட்டையும் இப்படி முடிந்தன என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் ஒரு தங்கும் விடுதியின் கொள்முதல் அதிகாரி, தனித்தனி உறையில் நூல் கட்டிய தேயிலைப் பைகளும் ஜாக்கிம் ஹலால் சான்றிதழின் நகலும் கேட்டிருந்தார். சான்றிதழை இணைத்து, செவ்வாய் காலை 10 மணிக்குப் பத்து நிமிடம் பேசலாமா என்று எழுதினேன். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, உறையின் படத்துடன் ஒரே வரி எழுதினேன். அதற்கும் இல்லை. மூன்றாவதாக, இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், தேவைப்படும்போது இந்த எண்ணில் அழையுங்கள் என்று எழுதி நிறுத்திவிட்டேன். மூன்றுக்கு மேல் எழுதினால் அது நச்சரிப்பு. ஒவ்வொரு முறையும் "நினைவூட்டுகிறேன்" என்று மட்டும் எழுதாமல் புதிதாக ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதே நான் கடைப்பிடித்தது. அப்படிக் கொடுத்தும் பலன் இல்லாமல் போகும். பெரிய விடுதிகளில் கொள்முதல் ஒப்பந்தம் ஆண்டுக் கணக்கில் ஓடும். நம் செய்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் தேதியை நகர்த்தாது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கூடத்திலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இன்னொருவர் வெளிநாட்டு வணிகர். இருபது அடிக் கொள்கலன் ஒன்றுக்கு விலை கேட்டிருந்தார். எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு அது பல மாத வேலை. கூடத்தில் நான் பெருமைக்குத் தலையாட்டிவிட்டேன். அவருக்கு எழுதிய செய்திதான் கைவராமல் இழுத்தது. அந்த அளவு எங்களால் முடியாது, பெரிய தோட்டங்களைக் கேளுங்கள், பரிசுப் பொட்டலமாகச் சிறிய அளவு வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள் என்று எழுதினேன். நன்றி என்று ஒரு சொல் வந்தது. வியாபாரம் இல்லை. ஆனால் நான்கு மாதம் விலைப்பட்டியலும் மாதிரியுமாக அலைந்து, கடைசியில் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தால் இரு தரப்புக்கும் நட்டம் அதிகம்.

ஈப்போக்காரரின் இரண்டாவது கடைக்கும் அடுத்த ஆண்டு ஒரு கிலோ கொண்டுபோனேன். அங்கே தண்ணி கலக்குபவர் வேறொருவர், இருபது வருடமாக ஒரே தூளில் கை பழகியவர். ஒரு இறக்கம் போட்டுப் பார்த்தார், வாயில் வைத்துப் பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எனக்கு வேணாம்" என்றார். முதலாளி அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கடையில் இன்றும் பழைய தூள்தான்.